ஐம்பது எங்கே போயிற்று?

மிருகத்தின் எண் 666 அல்ல, 616தான், திருச்சபை இத்தனை நூற்றாண்டுகளாகத் தவறான எண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறது என்ற பேச்சு 2005-இல் கிளம்பியது. இன்னும் ஓயவில்லை. எகிப்தின் ஆக்ஸிரிங்கஸ் குப்பைமேடுகளில் கிடைத்த பாப்பிரஸ் துண்டுகளைப் புதிய ஒளிப்பட முறையில் படிக்கிறார்கள் என்ற செய்தியோடு சேர்ந்து இதுவும் புதிய கண்டுபிடிப்பாக உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தத் துண்டு 1999-இலேயே ஒழுங்காகப் படிக்கப்பட்டு அச்சாகியிருந்தது. ஆய்வாளர்கள் அதை 115-ஆம் பாப்பிரஸ் என்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலோ நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்ட வெளிப்படுத்தின விசேஷப் பிரதி அது. 13-ஆம் அதிகாரத்தின் 18-ஆம் வசனத்தில் 616 என்றே இருக்கிறது. அதில் ஐயம் இல்லை. அதனாலேயே யோவான் எழுதியது 616தான் என்று முடிவு கட்டுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பழங்கிரேக்கர் எழுத்துகளையே எண்ணாக எழுதினார்கள். தமிழில் க ஒன்றும் உ இரண்டும் ய பத்துமாக நின்றது போல. 666 என்றால் கீ, க்ஸீ, ஸ்டிக்மா: அறுநூறு, அறுபது, ஆறு. நடு எழுத்தான க்ஸீயை எடுத்துவிட்டு அயோட்டாவை வைத்தால் அறுபது பத்தாகி 616 கிடைக்கும். 'மூன்று ஆறுகள் வரிசையாக அழகாக நிற்பதால் யாரோ ஒருவர் 616-ஐ 666 ஆக்கிவிட்டார்' என்று சொல்பவர்கள் இன்றைய இலக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். பாப்பிரஸில் நிற்பவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று எழுத்துகள். சொற்களில் எழுதி வாய்விட்டுப் படித்தால் ஓசை ஒற்றுமை கேட்கும் என்பது மெய்தான், ஆனால் கண்ணை மயக்கும் அந்த வரிசை அங்கே கிடையாது.

115-ஆம் பாப்பிரஸை மிகப் பழைய பிரதி என்று சொல்வதும் மிகை. டப்ளினில் உள்ள 47-ஆம் பாப்பிரஸ் மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் 666. நான்காம் நூற்றாண்டின் சினாய் ஏடும் ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரிய ஏடும் 666 என்கின்றன. 616-இன் பக்கம் நிற்கும் பெரிய ஏடு ஒன்றே ஒன்று, பாரிசில் இருக்கும் எஃப்ராயிம் ஏடு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய வேதத்தைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுரண்டி அழித்துவிட்டு, அதே தோலில் எஃப்ராயிமின் பிரசங்கங்களை எழுதிவைத்தார்கள். அழிந்த எழுத்தை 1840-களில் படித்தெடுத்தவர் டிஷெண்டோர்ஃப். 115-ஆம் பாப்பிரஸின் வாசகம் பொதுவாக அலெக்சாந்திரிய ஏட்டோடும் எஃப்ராயிம் ஏட்டோடும் ஒத்துப்போகிறது, ஆகவே அது நல்ல குடும்பத்துப் பிரதி. அந்த மதிப்பைக் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இந்த எண்ணில் பிளவு இருக்கிறதே!

இவை எல்லாவற்றுக்கும் மூத்த சாட்சி ஒருவர் இருக்கிறார். பரபரப்பில் அவரைத்தான் மறந்துவிட்டார்கள். லியோன் ஆயர் இரேனியஸ் ஏறக்குறைய 180-இல் எழுதிய நூலில் 616 என்ற பாடத்தைத் தமக்குத் தெரியும் என்கிறார், தெரிந்தே மறுக்கிறார். நல்ல, பழைய பிரதிகள் அனைத்திலும் 666 இருக்கிறது, யோவானை நேரில் கண்டவர்களும் அதையே சொன்னார்கள் என்பது அவர் வாதம். பிழை எப்படி வந்தது என்பதற்கும் காரணம் காட்டுகிறார்: படியெடுத்தவர் கையில் க்ஸீ நீண்டு அயோட்டாவாகிவிட்டது. இந்த வசனம் உள்ளதாக நமக்குக் கிடைத்த எந்தப் பிரதிக்கும் முன்னால் நின்று பிரதிகளை ஒப்பிட்ட வாசகர் அவர். அவரே 'பழைய பிரதிகள்' என்று சொல்கிறார் என்றால் அவை எவ்வளவு பழையவையாக இருந்திருக்க வேண்டும்!

பிந்திய இலத்தீன் உலகை விரைவாகத் தாண்டலாம். நான்காம் நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் எழுதிய டைகோனியஸ் 616-ஐ வைத்தே விளக்கம் எழுதினார், ஆறாம் நூற்றாண்டில் ஆர்ல் நகர ஆயர் சிசாரியஸ் அவரைப் பின்பற்றினார். இலத்தீனில் இந்தப் பிழை இன்னும் எளிது. ஐம்பதைக் குறிக்கும் ஓர் எழுத்து விட்டுப்போனாலே 666, 616 ஆகிவிடும்.

கைத்தவறுதான் என்று இங்கேயே முடித்துவிடலாம். பலர் முடித்தும்விட்டார்கள். எனக்கு அது போதவில்லை. தற்செயலாக நேர்ந்த பிழை, வேறொரு வழியில் பார்த்தால் பொருள் தருகிறது என்றால் அங்கே நின்று யோசிக்க வேண்டும். 1830-களில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் சிலர் தனித்தனியாக ஒரே விடைக்கு வந்து சேர்ந்தார்கள். ரோமப் பேரரசன் நீரோவின் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்ட வேண்டும் என்பதே அந்த விடை. கிரேக்க உச்சரிப்பில் அவன் பெயர் 'நெரோன் கேசர்'. நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, மறுபடி நூன் 50. நெரோன் 306. கோஃப் 100, சாமேக் 60, ரேஷ் 200. கேசர் 360. கூட்டினால் 666.

இலத்தீனில் அவன் நெரோன் அல்ல, நெரோ. கடைசி 'ன்' இல்லை. எபிரேயத்தில் அந்த நூன் போனால் ஐம்பது குறையும். மிச்சம் 616.

பெயரை எண்ணாக்கி மறைப்பது அன்றைய தெருவில் புழங்கிய பழக்கம். நீரோவின் பெயரைக் கிரேக்கத்தில் கூட்டினால் 1005 வரும், தாயைக் கொன்றவன் என்ற தொடருக்கும் அதே கூட்டுத்தொகை என்று ரோமில் கேலி எழுதி ஒட்டியதைச் சூடோனியஸ் பதிவு செய்திருக்கிறார். எட்டையும் காலையும் எழுத்தாக்கி 'அவ' என்று சேர்த்து வசைபாடிய ஔவையின் பாட்டை அறிந்த நமக்கு இந்த விளையாட்டு விளங்காமல் போகாது.

நீரோ விடைக்கு நெடுங்காலம் ஓர் எதிர்ப்பு இருந்தது. எபிரேயத்தில் கேசர் என்பதை வழக்கமாக யோத் என்ற எழுத்தையும் சேர்த்தே எழுதுவார்கள். அதற்குப் பத்து. அப்போது தொகை 676 ஆகிவிடும். விடை வேண்டும் என்பதற்காகவே யோத்தை விழுங்கிவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு நியாயமாகவே பட்டது. பிறகு யூதேயப் பாலைவனத்தில் வாடி முரப்பாத் குகையிலிருந்து ஓர் அரமேயக் கடன் பத்திரம் கிடைத்து, 1961-இல் அச்சானது. நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டு என்று அதில் தேதி போட்டிருக்கிறது. பெயர் இறுதி நூனோடு இருக்கிறது, கேசரில் யோத் இல்லை. தன் கடனைப் பற்றி மட்டுமே கவலைப்பட்ட ஒருவர் எழுதிய எழுத்துக்கூட்டு அது. எந்த விளக்கவுரைக்கும் உதவுவதற்காக அவர் எழுதவில்லை. இந்தத் துறையில் இதைவிட எனக்குப் பிடித்த சான்று வேறில்லை.

ஆகவே 616 என் கணக்கில் மூலமும் அல்ல, வெறும் கைத்தவறும் அல்ல. விடை தெரிந்த ஒருவர், இலத்தீன் உச்சரிப்பில் பழகியவர், தமக்குத் தெரிந்த நெரோவைக் கூட்டிப் பார்த்து எண்ணைத் 'திருத்தி' இருக்கிறார். புதிருக்கு விடை என்னவென்று அவர் நமக்குக் காட்டிக்கொடுத்துவிட்டார். 616-க்குக் காலிகுலாவைக் காட்டுபவர்களும் உண்டு. 'காயுஸ் கைசர்' என்பதைக் கிரேக்கத்திலேயே கூட்டினால் 284-உம் 332-உம் சேர்ந்து 616 வரும், எபிரேயமே தேவையில்லை. கணக்கு சரிதான். ஆனால் காலிகுலாவால் 666-ஐ விளக்க முடியாது. ஒரே பெயரை இரண்டு விதமாக உச்சரித்து இரண்டு எண்களையும் தருபவன் நீரோ மட்டுமே.

என் வாதத்தின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். இரேனியஸ் நீரோவின் பெயரையே எடுப்பதில்லை. 666-க்கு அவர் தரும் பெயர்கள் எவாந்தாஸ், லத்தேய்னோஸ், தேய்த்தான். மூன்றும் கிரேக்கக் கணக்கு. லத்தேய்னோஸை நானே கூட்டிப் பார்த்தேன், 666 சரியாக வருகிறது. யோவானின் வட்டத்தில் விடை தெரிந்திருந்தால், அந்த வட்டத்தோடு தொடர்புடைய இவருக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? எபிரேய எழுத்து தெரிந்த வாசகர்கள் சபையில் குறைந்தபோது விடையும் மறைந்திருக்கலாம் என்பது என் ஊகம். அதே காலத்தில் யாரோ ஒருவருக்கு மட்டும் அந்த எழுத்து தெரிந்திருந்தது, அவர் கைப்பட்ட பிரதியும் படியெடுக்கப்பட்டது என்று நான் கொள்ள வேண்டியிருக்கிறது. இரேனியஸுக்கும் முந்திய கிரேக்கப் பிரதி ஒன்று எகிப்திய மணலிலிருந்து வெளிவந்து, அதில் க்ஸீ இருக்க வேண்டிய இடத்தில் தெளிவான அயோட்டா நிற்குமானால், இங்கே எழுதியதில் பாதியை நான் திரும்பப் பெற வேண்டியிருக்கும்.