பெரியப்பாவுக்கும் அம்மானுக்கும் ஒரே கடிதம் போதாது

வயதான ஒருவருக்கு, "உங்கள் படம் ஒன்று எடுத்து அனுப்புங்கள், ஓவியமாக வரையவேண்டும்" என்று எழுதினால் அவர் மனம் முதலில் சாவைத்தான் நினைக்கும். தமிழ்நாட்டில் அதற்குக் காரணம் படத்திறப்பு. கருமாதி அன்று உறவும் ஊரும் கூடியிருக்க, மாலை போட்டுத் திறந்துவைக்கப்படும் படங்களை அவர் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறார். யாழ்ப்பாணத்தில் அந்த இடத்தைக் கல்வெட்டு பிடித்துக்கொள்கிறது. முப்பத்தோராம் நாள் வந்தவர்கள் கையில் கொடுக்கும் அந்த நினைவுப் புத்தகத்தின் முன்பக்கத்தில் இறந்தவரின் படம் இருக்கும். ஆகவே இரண்டு ஊரிலும் கடிதத்தின் முதல் வரி படம் எதற்கு என்பதைச் சொல்லியாக வேண்டும். எப்படி எடுப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

உயிரோடு இருக்கும்போது கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது படம் வரைகிறவர்களுக்குத் தெரியும். துக்க வீட்டிலிருந்து அடையாள அட்டையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் என்றால் வாக்காளர் அட்டை, ஆதார். இலங்கையில் 1972 முதல் வழக்கத்துக்கு வந்த தேசிய அடையாள அட்டை. 1995 அக்டோபரில் வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் கிளம்பியபோது ஆல்பங்கள் பலவும் வீட்டோடு போயின. சோதனைச் சாவடியில் காட்டவேண்டிய அட்டை மட்டும் சட்டைப்பையில் இருந்தது. அதனால் பல குடும்பங்களில் அப்பாவின் முகம் என்று மிஞ்சியது அந்தக் கட்டைவிரல் அளவு படம்தான். நேர் எதிரே விளக்கை அடித்து எடுத்த அதில் நிழலே இருக்காது. நிழல் இல்லாத முகத்தில் கன்ன எலும்பு எங்கே ஏறுகிறது, கண்குழி எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. ஓவியர் ஊகித்து வரைவார், வீட்டார் "சாயல் வரவில்லையே" என்பார்கள்.

படத்தைச் சன்னலோரம் உட்கார்ந்து எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வந்தால் முகம் மேடும் பள்ளமுமாகத் திரண்டு நிற்கும்.

எனக்கு அப்பா வழியில் கும்பகோணம், அம்மா வழியில் வடமராட்சி. வடமராட்சியில் தனியே இருக்கும் அம்மானுக்கு இப்படி எழுதினேன்:

"அன்புள்ள அம்மானுக்கு, நாங்கள் நல்ல சுகம். உங்கள் சுகமறிய ஆவல். உங்களை எண்ணெய் வர்ணத்தில் கீறப் போகிறேன். ரொறன்ரோவில் இருக்கிற பேரப்பிள்ளைகள் தங்கள் ஹோலில் மாட்டக் கேட்கிறார்கள். வடக்குப் பக்க யன்னலடியில் கதிரையைப் போட்டு, யன்னலில் இருந்து ஒரு கை நீளம் தள்ளி இருங்கோ. யன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கவேணும். கீழ்க்கதவைச் சாத்தி மேற்கதவை மட்டும் திறவுங்கோ. அறை லைற்றை நிற்பாட்டுங்கோ. ஆறடி தள்ளி ஒரு மேசையில் புத்தகங்களை அடுக்கி, கண் உயரத்துக்கு ஃபோனை நிமிர்த்தி வைத்து, பத்து விநாடி டைமர் போட்டுவிட்டு வந்து இருங்கோ. வெள்ளைச் சேட்டுப் போடுங்கோ."

கையை நீட்டித் தன்னைத்தானே எடுக்கவேண்டாம் என்பதால்தான் அந்த ஆறடி. அருகில் பிடித்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போய்விடும். அதைப் பார்த்து வரைந்த முகம் வேறொருவருடையதாகிவிடும். யாழ்ப்பாணத்து வீடு பெரும்பாலும் தன் வளவுக்குள் தனியே நிற்பது. நாற்சார் வீடாக இருந்தாலும் வெளிச்சுவர்களில் யன்னல் இருக்கும், திசையைத் தேர்ந்துகொள்ளலாம். மரக்கதவு மேலும் கீழும் பிரிந்த பழைய யன்னல் ஓவியருக்குப் பெரிய வரம். கீழ்ப்பாதியைச் சாத்தினால் வெளிச்சம் சற்று மேலிருந்து சாய்ந்து இறங்கி, மூக்கின் நிழலை மறுகன்னத்தில் மெல்லக் கிடத்தும்.

வடக்கு யன்னலை நம்புவதிலும் ஒரு கணக்கு உண்டு. மார்கழி, தையில் அதில் நேர்வெயில் வராது. ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே போயிருப்பதால் காலையும் மாலையும் சரிவாக உள்ளே விழும். அப்போது உச்சிவேளைதான் நல்லது, தாழ்வாரக் கூரை அந்த வெயிலை மறைத்துவிடும். மாதமெல்லாம் பார்க்க விரும்பாதவர் யன்னல் கட்டையருகே கையை நீட்டிப் பார்க்கலாம். கையின் நிழல் ஓரம் கத்திபோல் வெட்டியிருந்தால் அந்த யன்னல் அப்போது ஆகாது. ஓரம் கரைந்திருந்தால் உட்காரலாம்.

இதே கடிதத்தைக் கும்பகோணத்துப் பெரியப்பாவுக்கு அனுப்ப முடியாது. அவருக்கு நோக்கம் சொல்வது எளிதாக இருந்தது: "தாங்கள் சதாபிஷேகம் கண்ட ஆண்டின் நினைவாக" என்று தொடங்கினேன், அவருக்கும் மகிழ்ச்சி. சிக்கல் வீட்டில். தெருவோடு தெருவாகச் சுவர் ஒட்டிய வீடு அது. பக்கச் சுவரில் சன்னல் கிடையாது. தெருப்பக்கச் சன்னலைத் திண்ணைக் கூரை இருட்டடிக்கிறது. அந்த வீட்டின் உண்மையான சன்னல் முற்றம்தான். அதனால் "சன்னலோரம்" என்று எழுதாமல் "முற்றத்தோரம்" என்று எழுதினேன்.

அவர் அனுப்பிய முதல் படத்தில் நெற்றியும் மூக்கும் பளிச்சென்று இருக்க, கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாக இருந்தன. முற்றத்து விளிம்பிலேயே உட்கார்ந்திருக்கிறார். வானம் தலைக்கு நேர் மேலே. நாற்காலியைத் தாழ்வாரத்துக்குள் மூன்றடி பின்னுக்குத் தள்ளி, முற்றம் தம் இடத்தோளுக்குச் சற்று முன்னால் இருக்கும்படி திரும்பி உட்காரச் சொன்னேன். அடுத்த படத்தில் கண்மணியில் வெளிச்சப் புள்ளி விழுந்துவிட்டது. வரைவதற்குத் தகுந்த படமா என்று நான் முதலில் பார்ப்பது அந்தப் புள்ளியைத்தான்.

இன்னொரு தொல்லை தரையிலிருந்து வந்தது. காவி போட்ட சிமெண்டுத் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் தாடையின் அடியைச் சிவப்பாக்குகிறது. அப்படியே வரைந்தால் கழுத்தில் ஏதோ புண் என்று தோன்றும். வெள்ளைச் சட்டை கேட்பதன் பயன் இங்கேதான்: காலரின் அடிப்பக்கம் சிவந்திருந்தால் முகத்திலும் அதே அளவு சிவப்பு ஏறியிருக்கிறது என்று கழித்துக்கொள்ளலாம். பெரியப்பா காலடியில் வெளுத்த வேட்டி ஒன்றை விரித்ததும் சிவப்பு போயிற்று, நிழற்பக்கமும் கொஞ்சம் தெளிந்தது. அம்மானின் காலரிலோ பச்சை. யன்னலுக்கு வெளியே மாமரம். மரத்தை நகர்த்த முடியாது. காலரை வைத்துக் கணக்குப் போட்டுத் தோலுக்கு மஞ்சட்காவியும் செங்காவியும் கூட்டிக்கொண்டேன்.

இரண்டு பேர் படத்திலும் ஒரே மாதிரி கவனிக்கவேண்டியவை இன்னும் இரண்டு. வாட்ஸாப்பில் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லவேண்டும்; படமாக அனுப்பினால் அளவு குறுகி, சுருக்கங்கள் மழுங்கிவிடும். முன்கேமராவில் எடுத்திருந்தால் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆண்களின் சட்டைப்பை வழக்கமாக இடமார்பில் இருக்கும். படத்தில் அது நம் வலக்கைப் பக்கம் தெரியவேண்டும். நம் இடப்பக்கம் தெரிந்தால் மச்சமும் வகிடும் மாறிக் கிடக்கின்றன என்று பொருள். இத்தனை வருடம் கூட இருந்த மனைவிக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

ஒப்பிட்டால், வெளிச்சம் கிடைப்பதில் யாழ்ப்பாணத்து வீடே சுலபம் என்பேன். ஆனால் தரையில் வேட்டி விரித்துத் திருத்திவிடக்கூடிய குறைகள் கும்பகோணத்து வீட்டில். உங்கள் குடும்பத்தில் எண்பதைத் தாண்டிய பெரியப்பாவோ மாமாவோ இருந்தால் இந்த வாரமே எழுதுங்கள். அவர் வீட்டுக்குள் பகலில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று முதலில் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.