வரிசையாகக் கேட்டால் போதுமா?

செராஸ் அடுக்குமாடிகளில் நிர்வாகக் குழுக் கூட்டத்தை ஒருவரே பேசி முடித்துவிடுவது புதிதல்ல. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், குழுவில் 3 முதல் 14 பேர் வரை இருக்கலாம் என்கிறது. அவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று அது பார்ப்பதில்லை. இதற்குத் தலைவர்கள் வழக்கமாகக் கையாளும் மருந்து, மேசையைச் சுற்றி ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்பது. அதில் நன்மை உண்டு: இடைமறித்துப் பேசும் துணிச்சல் இல்லாதவருக்கும் முறை வந்துவிடுகிறது. ஆனால் முறை வருவதும் கருத்து வருவதும் ஒன்றல்ல. பழைய லிப்டைச் சிங்கிங் ஃபண்டிலிருந்து பணம் எடுத்து மாற்றுவதா என்பது பேச்சு என்று வைத்துக்கொள்வோம். குரல் ஓங்கியவர் முதலில் “மாற்றியே ஆகணும்” என்கிறார். அடுத்தவர், “அண்ணன் சொன்னதுதான்” என்கிறார், மூன்றாமவரும் அப்படியே. கீழ்த்தளத்தில் குடியிருக்கும் அம்மாவுக்கு மட்டும் ஒன்று தெரியும்: மழை பெய்த மறுநாள்தான் லிப்ட் நிற்கிறது, குழிக்குள் தண்ணீர் இறங்குகிறது. புது லிப்ட் வந்தாலும் அந்தத் தண்ணீர் இறங்கத்தான் போகிறது. முறை அவரிடம் வரும்போது முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது. இனி அதைச் சொல்வது கருத்தாகாது, எதிர்ப்பாகிவிடும்.

இது வெறும் கூச்சத்தால் வருவதல்ல. எல்லோருக்கும் தெரிந்ததையே குழுக்கள் திரும்பத் திரும்பப் பேசுகின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேலே வருவதில்லை என்பதை ஸ்டாசர், டைட்டஸ் என்னும் ஆய்வாளர்கள் 1985இலேயே காட்டினார்கள். ஆகவே பேசும் வரிசைக்கு முன்னால் எழுத்து வரவேண்டும். டெல்பெக், வான் டி வென் இருவரும் 1971இல் வகுத்த முறை இதுதான்: ஐந்து பத்து நிமிடம் யாரும் பேசாமல் தாளில் எழுதுவது, பிறகு ஆளுக்கு ஒரு குறிப்பாகப் பலகையில் ஏற்றுவது, அதன்பின் விளக்கம், கடைசியில் தனித்தனியாக மதிப்பெண். அம்மா எழுதியது, அண்ணன் வாயைத் திறப்பதற்கு முன்பே தாளில் இருக்கிறது. மலாய், சீனம், தமிழ் கலந்த கூட்டத்தில் அவரவர் மொழியில் எழுதவும் விடலாம். எழுதத் தயங்குபவரிடம் தலைவர் கூட்டத்துக்கு முன்பே கேட்டு எழுதிக்கொள்ளலாம்.

“வேலையெல்லாம் இழுத்துப் போட்டுச் செய்பவர் அவர்தான், அவர் பேசாமல் யார் பேசுவது?” என்பார்கள். நியாயம்தான், ஒப்பந்தக்காரர் சொன்ன விலை அவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்ல விளக்கக் கட்டம் இருக்கிறது. அவருடைய நேரம் குறைவதில்லை, முதல் இடம்தான் போகிறது. பெயரில்லாமல் எழுதச் சொல்வதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒன்பது பேர் கூட்டத்தில் கையெழுத்தே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். குழாய் உடைந்த இரவில் தாள் கொடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது.

பெரிய ஓட்டை வேறு. அடக்கி ஆள்பவரே தலைவர் நாற்காலியில் இருந்தால் எந்த முறையும் எடுபடாது. தமிழ்நாட்டுக் கிராம சபைகளின் பேச்சுப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வில், பெண்கள் பேசுவது குறைவு, பேசினாலும் பொருத்தமான பதில் கிடைப்பது குறைவு என்று தெரிந்தது. பெண் தலைவர் இருந்த ஊர்களில் பதில் கிடைப்பது கூடியிருந்தது. கூட்டத்தை நடத்துபவர் யார் என்பது அவ்வளவு முக்கியம். அதனால் லிப்ட் விவகாரத்தை முன்மொழிந்தவர் தலைவரே என்றால், அந்த ஒரு பொருளுக்காவது வேறொருவர் கூட்டத்தை நடத்தட்டும்; பலகையில் ஏறிய ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன பதில் சொல்லப்பட்டது என்பதைச் செயலாளர் கூட்டக் குறிப்பில் எழுதட்டும்.