பப்ஸின் ஓரம்

வெஜ் பப்ஸை வாங்குகிறவர்கள் அதன் மேல்தோல் நிறத்தைப் பார்ப்பார்கள். எனக்குப் பிடித்தது கத்தி வெட்டிய ஓரம். நன்றாக வந்த பப்ஸில் அங்கே மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், நடுவில் காற்றுக்கு இடம் விட்டு நிற்கும். எத்தனை பொறுமையாகச் செய்தார்கள் என்பதை அந்த ஓரம் சொல்லிவிடும்.

கால் கிலோ மைதாவுக்கு 200 கிராம் வெண்ணெய். உப்பும் குளிர்ந்த நீரும் சேர்த்துப் பிசைந்த மாவுக்குள் வெண்ணெயைத் தட்டையான பாளமாக வைத்து மூடி, நீளமாகத் தேய்த்து மூன்றாக மடிக்க வேண்டும். ஒரு மடிப்புக்கு 3 வெண்ணெய் அடுக்கு, அடுத்ததற்கு 9. ஐந்தாவது மடிப்பில் 243. அதோடு நிறுத்திவிடுவது நல்லது. மேலும் மடித்தால், நம் ஊர் வெப்பத்தில் வெண்ணெய் மாவோடு கலந்து, வெறும் பிஸ்கட்டாகிவிடும்.

குள்ளஞ்சாவடியில் சித்திரை வெயில் காலை பத்து மணிக்கே சமையலறைக்குள் வந்துவிடும். அதனால் மடிப்பு வேலையெல்லாம் விடியற்காலையில். ஒவ்வொரு மடிப்புக்கும் இடையில் மாவு அரை மணி நேரமாவது ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், பிசுபிசுக்கக் கூடாது. அதிகம் குளிர்ந்தாலும் வம்புதான்: தேய்க்கும்போது வெண்ணெய் உள்ளே சில்லுசில்லாக உடையும், அடுக்கு அறுபடும்.

பேக்கரிகளில் இந்தத் தலைவலி குறைவு. பப்ஸுக்கென்றே வரும் மார்ஜரின் எளிதில் இளகாது. ஆனால் அதே குணத்தால் வாயிலும் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் ஒட்டும். பாடுபட்டாலும் எனக்கு வெண்ணெய்தான்.

பத்து சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நன்றாக ஆறிய மசாலாவை வைத்து மடிக்கிறோம். உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணியோடு நம் பக்கத்து முந்திரியும் நாலு இருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? மேலே பால் தடவும்போது ஓரத்தில் வழிய விடாதீர்கள். வழிந்தால் இதழ்கள் ஒட்டிக்கொண்டு எழும்பாது.

ஓவன் 220 டிகிரிக்கு முன்பே சூடேறியிருக்க வேண்டும். வெண்ணெயிலும் மாவிலும் உள்ள நீர் சட்டென்று ஆவியாகி அடுக்குகளைத் தூக்கும். வெண்ணெய் உருகி வெளியே ஓடுவதற்குள் மாவு வெந்து இறுகிவிட வேண்டும், அதற்குத்தான் அந்தச் சூடு. தட்டில் நெய்க்குளம் கட்டினால் ஓவன் சூடு போதவில்லை, அல்லது மாவு வெதுவெதுப்பாக உள்ளே போயிருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் உப்பி மேலே வெளிர் பொன்னிறம் வரும். பலர் அப்போதே எடுத்துவிடுவார்கள். எடுத்தால் உப்பியது அமுங்கும், மசாலாவுக்கு அடியில் வேகாத மாவுப்படலம் நிற்கும். 180க்குக் குறைத்து இன்னும் பதினைந்து நிமிடம் விட வேண்டும். ஓரத்து இதழ்களும் பழுப்பேறினால்தான் வெந்த கணக்கு.

எடுத்ததும் கம்பித்தட்டில் ஆற விடுங்கள், தட்டிலேயே கிடந்தால் அடி வியர்த்து நமுத்துவிடும். சாயங்காலம் மிஞ்சியதை மைக்ரோவேவில் வைக்காமல், ஓவனிலேயே ஐந்தாறு நிமிடம் காட்டினால் மொறுமொறுப்பு திரும்பிவிடும்.