பார்வைக்குப் பச்சைமலை, தேடினால் இல்லை

திருச்சி தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு டிடிபி கடையில் பக்கம் கட்டுகிறார்கள். பிளேட் போடுவது வேறோர் அச்சகம். அதற்குமுன் புரூஃப் பார்ப்பவர் துறையூரில் உட்கார்ந்து கைப்பேசியில் திறக்கிறார். மூன்று இடத்திலும் எழுத்து ஒரே மாதிரி தெரிய வேண்டுமானால் எழுத்துருவையும் பிடிஎஃப் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்ப வேண்டும். இதைத்தான் எம்பெட் செய்வது, அதாவது உட்பொதிப்பது என்கிறோம். ஆங்கிலத்துக்கு இது ஒரு வசதி. தமிழுக்கு இது இல்லாமல் முடியாது.

காரணம் எளிது. பிடிஎஃப் தொடக்கத்திலிருந்தே 14 எழுத்துருக்களைத் தன் அடிப்படைத் தொகுப்பாக வைத்திருந்தது. ஹெல்வெடிகா, டைம்ஸ், கூரியர் ஆகியவற்றின் வகைகளும் இரண்டு குறியீட்டு எழுத்துருக்களும் அதில் அடக்கம். தமிழ் ஒன்றுகூட இல்லை. ஆங்கிலக் கடிதத்தில் எழுத்துருவை உட்பொதிக்க மறந்தால், ஏறக்குறைய அதே முகமுள்ள வேறொன்று வந்து ஒப்பேற்றிவிடும். பாமினியில் அடித்த ‘பச்சைமலை’யை உட்பொதிக்காமல் அனுப்பினால் மறுமுனையில் இப்படி வரும்:

```
gr;irkiy
```

பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. g என்ற இடத்தில் ப, r என்ற இடத்தில் ச, i என்ற இடத்தில் ஐகாரக் கொம்பு. படம் போனால் அடியில் கிடக்கும் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களைப் பிடிஎஃப் வடிவிலும் தந்தபோது, கணினியில் தமிழ் எழுத்துரு எதுவும் இல்லாதவரும் திறந்த கையோடு படிக்க முடிந்தது. உட்பொதிப்பின் நன்மைக்கு அதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

பெரும்பாலும் முழு எழுத்துருவும் உள்ளே போவதில்லை. அந்த ஆவணத்தில் வந்த வடிவங்களை மட்டும் பொறுக்கி எடுத்து வைக்கிறார்கள், கோப்பு சிறுத்துப்போகிறது. இதற்கு ஒரு விலை உண்டு. அச்சுக்குப் போகும் நேரத்தில் ‘ஞாயிறு’ என்று ஒரு சொல் சேர்க்க வேண்டியிருக்கிறது, ஆனால் பக்கத்தில் எங்கும் ஞகரம் வரவில்லை என்றால், அந்தப் பிடிஎஃப்புக்குள் ஞகர வடிவமே இருக்காது. மூல எழுத்துரு இல்லாத கணினியில் திருத்த வழியில்லை. உரிமத் தடையும் உண்டு. எழுத்துருவை உருவாக்கியவர் உட்பொதிக்கக் கூடாது என்று கோப்பிலேயே குறித்து வைக்கலாம். அப்போது வேர்டு, அதன் அமைப்பைப் பொறுத்து, அந்த வரிகளைப் படமாக மாற்றிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் எதுவும் தெரியாது. பெரிதாக்கிப் பார்த்தால் ஓரங்கள் பிசிறடிக்கும்.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள். என் பெரிய குறை வேறு: உட்பொதிப்பு வடிவத்தைக் காக்கிறது, எழுத்தைக் காப்பதாக நமக்கு ஒரு பிரமையைத் தருகிறது.

பிடிஎஃப் பக்கத்தில் இருப்பது சொற்கள் அல்ல. ‘இந்த இடத்தில் இந்த எண்ணுள்ள வடிவத்தை வை’ என்ற கட்டளைகள். எந்த வடிவம் எந்த எழுத்து என்று சொல்ல ToUnicode என்ற தனி அட்டவணை வேண்டும். அது இல்லாவிட்டாலும் பக்கம் அழகாகவே தெரியும், அழகாகவே அச்சாகும். அட்டவணை இருந்தாலும் தமிழுக்கு இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. யூனிகோடில் ‘சை’ என்பதைச் சகரம் முதலில், கொம்பு பிறகு என்று சேமிக்கிறோம். தாளில் கொம்புதான் இடப்பக்கம் முன்னே நிற்கிறது. பிடிஎஃப் வரைகிற வரிசையிலேயே வடிவங்களை வைக்கும். நகலெடுக்கும்போதும் அதே வரிசையில்தான் பெரும்பாலும் திருப்பித் தரும். அப்போது ‘பச்சைமலை’ இப்படி வந்து விழும்:

```
பச்ைசமைல
```

மலை ‘மைல’ ஆகிவிட்டது. பச்சைமலையின் கோம்பை ‘ேகாம்ைப’ ஆகும், துறையூர் ‘துைறயூர்’ ஆகும். ‘திருச்சிராப்பள்ளி’யில் முன்னே நிற்கும் கொம்பு எதுவும் இல்லை, அட்டவணை சரியாக இருந்தால் அது மட்டும் தப்பித்துக்கொள்ளும். மாவட்டத்தின் பெயரைத் தேடினால் கிடைக்கிறது, மலையூரின் பெயரைத் தேடினால் கிடைப்பதில்லை என்ற விசித்திரம் இப்படித்தான் பிறக்கிறது. பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் ‘மைல’ என்றுதான் படிக்கும்.

ஸ்ரீரங்கத்தின் முதல் எழுத்து இன்னும் சிக்கல். ‘ஸ்ரீ’ தாளில் ஒரே வடிவம். யூனிகோடில் நான்கு குறிகள். அதிலும் இரண்டு வழி உண்டு: ஸகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவத்தில் போய் முடியும். ஒரு வடிவத்துக்கு அட்டவணையில் ஒரு விடைதான் எழுத முடியும் என்பதால், நீங்கள் அடித்தது ஒன்று, நகலெடுப்பவருக்குக் கிடைப்பது மற்றொன்று என்றாகலாம்.

லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு சோதனைக் கட்டளை தெரிந்திருக்கும். அதன் விடையில் தேவையான பத்திகள் மட்டும்:

```
$ pdffonts malai.pdf
name           type          emb  sub  uni
BAAAAA+Latha   CID TrueType  yes  yes  yes
BCDEEE+Bamini  TrueType      yes  yes  no
```

emb என்பது உட்பொதித்தாயிற்றா என்பதற்கான விடை. பெயருக்கு முன்னே நிற்கும் ஆறு எழுத்தும் கூட்டல் குறியும் பொறுக்கி எடுத்த பகுதி மட்டுமே உள்ளே இருப்பதற்கு அடையாளம். uni என்பது அந்த அட்டவணை. பலரும் emb பத்தியில் yes பார்த்ததும் நிம்மதியாகிவிடுகிறார்கள். uni பத்தியில் yes வந்தாலும் வரிசை சரி என்று அர்த்தமில்லை. இதைவிட நம்பகமான சோதனைக்கு எந்தக் கட்டளையும் வேண்டாம்: ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்தால் போதும்.

விதிமுறைகளும் இந்தப் பிரமைக்குத் துணைபோகின்றன. நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வந்த PDF/A தரத்தின் ‘பி’ நிலை, எழுத்துரு உள்ளே இருந்து தோற்றம் மாறாதிருந்தால் போதும் என்கிறது. பாமினியில் அடித்த ஆவணம் அந்தத் தேர்வில் தேறிவிடும், உள்ளே gr;irkiy இருந்தாலும். ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிகோடு விடை வேண்டும் என்று கேட்கும் ‘யு’ நிலை 2011இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் சேர்ந்தது. தமிழ் ஆவணத்துக்கு ‘பி’ நிலையை ஏற்பது, என் கணிப்பில், பாதி வேலையை முழு வேலையாகக் கணக்கெழுதுவது.

தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடோடு டேஸ்16 என்ற குறியீட்டையும் ஏற்றபோது இந்த வரிசைச் சிக்கலுக்கு ஒரு விடை இருந்தது. அதில் ‘சை’ ஒரே குறி. கொம்பு தனியாகக் கழன்று ஓட இடமில்லை. பழைய மென்பொருள் சிலவற்றுக்கு அது பொருந்தியும் வந்தது. ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் நகலெடுத்தால் கட்டங்கள்தான் மிஞ்சும். ஒரு பூட்டைத் திறந்து வேறொரு பூட்டு.

சரியான வழி பிடிஎஃப்புக்குள்ளேயே 2001 முதல் இருக்கிறது. ActualText என்று பெயர்: ‘இந்த வடிவக் கூட்டம் உண்மையில் இந்தச் சொல்’ என்று அடியில் எழுதி வைப்பது. ஸீடெக்கில் ஒரு வரி போதும்:

```
\XeTeXgenerateactualtext=1
```

லிப்ரேஆபீஸின் புதிய பதிப்புகள் இதைக் கேளாமலே செய்கின்றன. எல்லாப் படிப்பு மென்பொருளும் அதை மதிப்பதில்லை என்பது உண்மைதான்.

ஏற்கெனவே குவிந்து கிடக்கும் கோப்புகளில், வேடிக்கையாக, பாமினிக்கே கொஞ்சம் நல்ல கதி. gr;irkiy என்று நகலாக வருகிறவரை என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற கருவி அதைப் பெரும்பாலும் சரியாக யூனிகோடாக்கிவிடும். யூனிகோடில் அடித்தும் அட்டவணை இல்லாமல் போன கோப்புக்கு அந்த வழியும் கிடையாது. எழுத்துருவைப் பத்திரமாக உள்ளே வைத்த அதே பக்கத்தைப் படமாக்கி, ஓசிஆரில் போட்டு, முதலிலிருந்து படிக்க வைக்க வேண்டும்.