மைக் முன்னால் நான்கு நிமிடம்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் ஆண்டாளைத் தொடாமல் வரவேற்புரையைத் தொடங்க மாட்டார். ராஜபாளையத்துக்காரர் மில்லைத் தொடாமல் முடிக்க மாட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனாலும் மேடைக்கு யார் ஏறியிருக்கிறார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே சொல்லிவிடலாம். வரவேற்புரையை ரசிப்பவன் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிறப்புரையை ரசிக்க ஊரே இருக்கிறது, வரவேற்புரைக்கு நானாவது இருக்கட்டும்.

நல்ல வரவேற்புரைக்கு அழகு எங்கே இருக்கிறது? "தென்றல் தவழும் மண்ணுக்கு வருக வருக" என்பதில் இல்லை. அந்த நாளை விருந்தினர் கையில் அது எப்படி ஒப்படைக்கிறது என்பதில் இருக்கிறது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து நூலகர்கள் பத்துப் பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காலையில் ராஜபாளையம் காந்தி கலை மன்றத்தில் வரவேற்பு. பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் பென்னிங்டன் நூலகம், மாலையில் கோயில். வரவேற்கிறவருக்குக் கையில் நான்கு நிமிடம். நிதானமாகப் பேசினால் நானூறு சொற்கள்கூடத் தேறாது.

முதல் கண்டம் விளி. "அவர்களே" என்று முடியும் அந்தச் சங்கிலியில் பன்னிரண்டு கண்ணிகள் கோத்தால் ஒரு நிமிடம் போய்விடும். அதோடு, பதின்மூன்றாவது ஆளின் முகம் வாடிவிடும். பெயர் விட்டுப்போனவர் நாள் முழுவதும் அதை மறக்க மாட்டார். விஷயம் தெரிந்தவர்கள் தலைவரை ஒருமுறை, விருந்தினர் குழுவின் மூத்தவரை ஒருமுறை விளித்துவிட்டு, மற்றவர்களை "அவையோரே" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் கொண்டுவந்துவிடுவார்கள். யாரையும் பெயர் சொல்லாவிட்டால் யாரையும் விட்டதாகாது. பெயர்கள் அடுத்து வரும் அறிமுகத்தில் வந்துகொள்ளும்.

அறிமுகம்தான் இந்தக் கலையின் கடினமான இடம். இதற்கு மேடைகளைவிடக் கோயில்தான் எனக்கு நல்ல பள்ளிக்கூடமாகத் தெரிகிறது. வைணவக் கோயில்களில் அருளப்பாடு சாதிப்பதைக் கேட்டிருப்பீர்கள். பெயரையும் பட்டத்தையும் உரக்கச் சொல்லி அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் "நாயிந்தே" என்று பதில் குரல் கொடுத்து முன்னே வருவார். பிறகுதான் தீர்த்தம், சடாரி, மாலை. அழைப்பில் புகழ்ச்சி வளர்வதில்லை. பட்டம் ஒன்று, பெயர் ஒன்று, குரல் ஒன்று. பதில் குரல் வந்ததும் பெயருக்கு முகம் கிடைத்துவிடுகிறது. அரங்க மேடையில் நாம் செய்வது நேர்மாறு. ஒருவரைப் பற்றி ஆறு வரி சொல்கிறோம், அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கூட்டம் தேடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் கணக்கு இது: ஆளுக்கு ஒரு வாக்கியம், அந்த வாக்கியத்தில் ஒரு வேலை. "எங்கள் நூலகர். பழைய பதிவேடுகளைப் பார்க்க வேண்டுமானால் இவரிடம் கேளுங்கள்." அவர் எழுந்து நின்று கைகூப்புகிறார். "மதியச் சாப்பாடு இவர் பொறுப்பு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் இப்போதே இவர் முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்." சிரிப்பு வரும், முகமும் பதியும். "கல்வித் தந்தை", "சமூகச் சிற்பி" என்ற அடைகளை வைத்துக்கொண்டு விருந்தினர் என்ன செய்வார்? யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதுதான் அவருக்கு வேண்டியது. இப்படி ஐந்து பேரை ஒன்றரை நிமிடத்தில் முடித்துவிடலாம். விருந்தினர் பெயர்களை மட்டும் முந்தின நாளே அவர்களிடமே கேட்டு, முதலெழுத்தோடு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பொன்னாடையை உரைக்குள் நுழைய விடவே கூடாது. ஒரு பெயர், ஒரு துண்டு, ஒரு புகைப்படம் என்று போனால் ஆளுக்கு ஒரு நிமிடம், பத்துப் பேருக்குப் பத்து நிமிடம். பேச்சின் ஓட்டம் அறுந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு வரிசையாகப் போர்த்திக்கொள்ளலாம்.

மரியாதை என்பது சொல்லாமல் விடுவதிலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்து நூலகர் என்றதும் நம் பேச்சாளருக்கு நாக்கு துடிக்கும். 1981-இல் எரிந்த நூலகத்தைப் பற்றிக் குரல் தழுதழுக்க இரண்டு நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கிவிடலாம். வந்தவர்களின் துக்கத்தில் நாம் வாங்கும் கைதட்டல் அது. ஏற்புரையில் அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்வது நம் வேலை. வரவேற்பவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "1875-இல் தொடங்கிய நூலகம் ஒன்று எங்கள் பக்கத்து ஊரில் இருக்கிறது. அதைப் பார்க்கத் தெரிந்த கண்கள் வந்திருப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி." ஊர்ப் பெருமைக்கும் ஒரு வாக்கியம் உண்டு: "நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த மன்றம், சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்த குமாரசாமி ராஜா தம் சொந்த வீட்டைப் பொதுவுக்குக் கொடுத்ததால் வந்தது." மில்லும் சிமென்ட்டும் நாயும் பஸ்ஸில் போகும்போது பேசிக்கொள்ள இருக்கட்டும்.

கடைசிக் கண்டம் நிகழ்ச்சி நிரல். அச்சடித்த தாளை வாசிக்கிறவர்தான் அதிகம். வாசிக்க விருந்தினருக்கும் தெரியும். தாளில் இல்லாததைச் சொல்வதில்தான் உள்ளூர்க்காரரின் அருமை தெரியும். இந்தப் பயணத்தின் ஆணிவேர் ஆண்டாள் கோயிலின் நடை. மதியம் சாத்தினால் மாலை நாலு மணிவாக்கில்தான் திறக்கும். கோயிலைக் காலையில் வைத்துக்கொண்டால் வரவேற்பில் அரை மணி இழுத்ததும் சாத்திய கதவைத்தான் பார்க்க நேரும். நூலகம் காத்திருக்கும், நடை காத்திருக்காது. அதனால்தான் கோயிலை மாலைக்குத் தள்ளியிருக்கிறது. இந்தக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் "இப்போதே போகலாமே" என்று நெருக்க மாட்டார்கள்.

சொல்லும் விதம் இப்படி இருந்தால் எனக்குப் பிடிக்கும்: "பத்தரைக்குப் பஸ். பதினொன்றுக்கு நூலகத்தில் இருப்போம். அங்கே அவசரம் கிடையாது, ஒரு மணி வரை உங்களுடையது. சாப்பாட்டுக்குப் பின் நாலு மணி வரை ஓய்வு, யாரும் கூப்பிட மாட்டோம். நாலு மணிக்குக் கோயில். செருப்பைப் பஸ்ஸிலேயே விட்டுவிடுங்கள். வடபத்ரசாயி சன்னதிக்குப் படியேற வேண்டும். முடியாதவர்கள் ஆண்டாள் சன்னதிப் பக்கம் இருந்துகொள்ளலாம், துணைக்கு ஆள் இருப்பார். தமிழக அரசு முத்திரையில் இருக்கும் கோபுரம் இதுதான் என்பதால் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை வரும், அதற்கும் நேரம் வைத்திருக்கிறோம். பால்கோவா கடைசியில். முதலில் வாங்கினால் வெயிலில் உங்களோடு அதுவும் அலையும்."

நேரம், இடம், உடம்பு, செருப்பு, படி, இனிப்பு எல்லாம் இதில் வந்துவிட்டன. "ஓய்வு, யாரும் கூப்பிட மாட்டோம்" என்பதுதான் எனக்கு இதில் உயர்ந்த வரி. கடல் தாண்டி வந்த அறுபது வயதுக்காரருக்கு அதைவிடப் பெரிய மாலை போட முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒருவர் மைக்கை விட மறுத்து நன்றியுரையையும் தானே தொடங்கிவிடுவதுண்டு. அதற்கென்று ஒருவர் கையில் தாளோடு ஓரத்தில் நின்றுகொண்டிருப்பார். நிரலின் கடைசி வரி "பஸ் பின்வாசலில் நிற்கிறது, காப்பி அங்கேயே" என்று இருக்க வேண்டும். அதைச் சொன்னதும் மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும்.