pdftk: பழைய புத்தகத்தின் ஸ்கேனுக்கு ஒரு பொருளடக்கம்

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அச்சகத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. புதுவை வரலாற்றில் ஆர்வமுள்ள எங்களில் பலரிடம் அவற்றின் ஸ்கேன் பிடிஎஃப் இருக்கிறது. ஆனால் 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த நாட்களைப் படிக்க வேண்டுமென்றால், பொருளடக்கத்தில் பக்க எண்ணைப் பார்த்து, அந்த எண்ணைத் தட்டி, வேறெங்கோ போய் விழுந்து, பிறகு முன்னும் பின்னும் தள்ளித் தேட வேண்டும். புக்மார்க் இருந்தால் ஒரே சொடுக்கு. அதைச் சேர்க்கப் பல வாரங்களாக நான் பயன்படுத்துவது pdftk என்ற இலவசக் கருவி.

இதற்குத் திரையோ பொத்தானோ கிடையாது. ஒவ்வொரு தலைப்புக்கும் நான்கு வரி எழுதிய உரைக் கோப்பு ஒன்றையும் ஒரு கட்டளையையும் கொடுத்தால் போதும்.

```
BookmarkBegin
BookmarkTitle: அத்தியாயம் 5
BookmarkLevel: 1
BookmarkPageNumber: 169
```

```
pdftk book.pdf update_info_utf8 toc.txt output book-toc.pdf
```

கட்டளையில் `_utf8` விட்டுப்போனால் தமிழ்த் தலைப்புகள் சிதைந்துவிடும். புதிய கோப்புக்கு வேறு பெயர் தர வேண்டும். பழைய பெயரையே தந்தால் மறுத்துவிடும். பக்கப் படங்களை அது தொடுவதில்லை என்பதால் ஸ்கேனின் தரம் குறையாது. இந்த நேர்மைக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

ஆனால் இந்தக் கருவிக்கு அச்சிட்ட பக்க எண் தெரியாது. 169 என்றால் கோப்பின் 169ஆவது படம், அவ்வளவுதான். அட்டை, வெற்றுத்தாள், நூலக முத்திரைப் பக்கம், ரோமன் எண்ணிட்ட முன்னுரை எல்லாம் தாண்டி, அச்சில் 1 என்றுள்ள பக்கம் 29ஆவது படமாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எல்லா எண்ணோடும் 28 கூட்ட வேண்டும். அச்சில் 141 என்றால் கோப்பில் 169. ரோமன் பக்கங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவற்றின் வித்தியாசத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதைச் செய்து முடித்ததும் முதல் அத்தியாயத்தைத் திறந்து பார்த்துத் திருப்தியடைவதுதான் பலர் செய்வது. கடைசி அத்தியாயத்தை முதலில் திறந்து பாருங்கள். அது இரண்டு படம் முன்னதாகவே நின்றுவிட்டால், நடுவில் எண்ணிடாத படத்தாள் ஒன்று செருகப்பட்டிருக்கிறது: முன்பக்கம் படம், பின்பக்கம் வெறுமை. இரண்டு படம் தாண்டிப் போனால், ஒரு தாள் ஸ்கேனில் விடுபட்டிருக்கலாம். இடத்தைக் கண்டுபிடிக்க எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. நடு அத்தியாயத்தைத் திறங்கள். அது சரியென்றால் பிழை பின்பாதியில், தவறென்றால் முன்பாதியில். அந்தப் பாதியை மறுபடி இரண்டாக்கினால், சில நிமிடங்களில் தாள் அகப்பட்டுவிடும். செருகிய தாளென்றால், அதற்குப் பிந்தைய எண்களுக்கு மட்டும் 28க்குப் பதில் 30 கூட்டினால் தீர்ந்தது. தலைப்பு, அச்சுப் பக்கம், கூட்ட வேண்டிய எண் என மூன்று பத்தியுள்ள ஒரு விரிதாளில் இதை வைத்துக்கொண்டால் திருத்துவது எளிது.

இன்னொரு சிக்கல் நம் தமிழ்ப் புத்தகங்களுக்கே உரியது. பழைய பதிப்புகளின் பொருளடக்கத்தில் பக்க எண் தமிழ் இலக்கத்தில் இருக்கும். எழுத்துணரி மென்பொருள் ௧ என்பதைக் க என்றும், ௭ என்பதை எ என்றும், ௮ என்பதை அ என்றும் படித்துவிடுகிறது, வடிவம் ஒன்றேதானே! ௨௰௩ என்று பத்துக்குறியோடு வந்தால் 23 என்று மாற்றுவதும் நம் வேலையே. இத்தகைய பக்கங்களைக் கையால் தட்டச்சு செய்வதே வேகமான வழி. தலைப்புகளுக்கும் எண்களுக்கும் நடுவிலுள்ள புள்ளி வரிசைகளும் எழுத்துணரியில் குப்பையாகத்தான் வரும்.

பிரெஞ்சு நூல்களை எடுப்பவர்கள் பொருளடக்கத்தை முன்பக்கத்தில் தேட வேண்டாம். பிரெஞ்சுப் பதிப்பு வழக்கப்படி அது பெரும்பாலும் புத்தகத்தின் இறுதியில் இருக்கும். 1911இல் புதுவையில் தொடங்கிய பிரெஞ்சு இந்திய வரலாற்றுக் கழகத்தின் வெளியீடுகளைத் திறப்பவர்கள் கடைசிப் பக்கங்களைப் பார்த்த பிறகே பொருளடக்கம் இல்லை என்று முடிவுகட்டட்டும். அந்தப் பொருளடக்கத்துக்கே ஒரு புக்மார்க் வைத்து, அதைப் பட்டியலின் தலையில் போட்டுவிடுங்கள்.

ஒரு படத்தில் இரண்டு பக்கம் சேர்த்து எடுத்த ஸ்கேனுக்கு pdftk உதவாது. முதலில் வேறு கருவியால் பக்கங்களைப் பிரிக்க வேண்டும். கட்டளை தட்டுவதே பிடிக்காதவர்களுக்கும் இது ஒத்துவராது. மற்ற எல்லோருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். செய்து முடித்த பிறகு `toc.txt` கோப்பை அழித்துவிடாதீர்கள். அதே ஸ்கேனை வைத்திருக்கும் நண்பருக்கு அந்தச் சிறிய கோப்பை மட்டும் அனுப்பினால் போதும்.