மாடி அறைக்கு ஒரு மனு

கல்யாண மண்டபத்து மேலாளருக்கு அழகுக்கலை நிபுணர் ஒருவர் எழுதிய இரண்டு பக்கக் கடிதம் இது. மாடியில் சும்மா கிடக்கும் அறையில் கண்ணாடி, விளக்கு, நாற்காலி எல்லாம் சொந்தச் செலவில் போட்டு, மணப்பெண் வீட்டாருக்கு மேக்கப் அறையாக நடத்த அனுமதி கேட்கிறார். பதிலுக்கு மாத வாடகை தருவாராம். கோரிக்கை நியாயமானதுதான். கடிதம் அதைத் தாங்குகிறதா என்பதே கேள்வி.

முதல் பக்கம் முழுக்கப் பயிற்சிச் சான்றிதழ்களும் பெற்ற பாராட்டுகளும். மேலாளருக்கு அவை எதற்கு? அவர் பார்ப்பது, முகூர்த்த நாளில் இதனால் புதிதாகத் தலைவலி வருமா என்பதை மட்டும்தான். அதற்கான பதில் இரண்டாம் பக்கத்தில், பாதி சரியாகவும் பாதி தவறாகவும் கிடக்கிறது.

விளக்கு பற்றிய பத்தி சரி. அறையில் இருப்பது கூரையில் தொங்கும் ஒரே மஞ்சள் விளக்கு. அதன் கீழே உட்கார்ந்தால் கண்ணுக்கடியிலும் மூக்குக்கடியிலும் நிழல் விழும். மஞ்சள் ஒளியில் பவுண்டேஷன் நிறம் சரியாகத் தெரியாது, மேடையின் வெள்ளை விளக்கில்தான் முகம் ஒரு நிறமும் கழுத்து ஒரு நிறமுமாக வெளிப்படும். கண்ணாடிக்கு இரு பக்கமும் முக உயரத்தில் வெள்ளை விளக்கு போடுகிறேன் என்கிறார். தொழில் தெரிந்தவர் எழுதிய வரி.

அடுத்த வரியிலேயே சறுக்குகிறார். "சாதாரண பிளக் பாயிண்ட் போதும், மண்டபத்துக்கு மின்செலவு பெரிதாக வராது." மேலாளரைப் பயமுறுத்தக் கூடாது என்று எழுதியிருக்கலாம். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதுதான் பயமுறுத்துகிறது. 1800 வாட் ஹேர் டிரையர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8 ஆம்பியர் இழுக்கும். சாதாரண பிளக் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது. மணப்பெண்ணுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று என இரண்டு டிரையர் ஒரே நேரத்தில் ஓடி, ஏ.சி.யும் சேர்ந்தால் இருபது ஆம்பியரைத் தாண்டிவிடும். விடிகாலை நாலு மணிக்கு மாடியில் டிரிப் ஆனால் எலக்ட்ரீசியனை எழுப்பி ஓட வேண்டியவர் மேலாளர்தான். அறைக்குத் தனி லைன், 16 ஆம்பியர் பாயிண்டுகள், தனி எம்.சி.பி., உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் தந்த மதிப்பீடு என்று எழுதியிருந்தால் கடிதத்தின் எடையே வேறு. கரண்ட் போனால் ஜெனரேட்டரில் எந்தெந்தப் பாயிண்ட் ஓடும் என்பதையும் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சே இல்லை.

மாடி அறை என்பதும் யோசிக்க வேண்டியது. முந்தின நாள் மாலை வரவேற்புக்கு அது பொருந்தும். நேரம் இருக்கிறது, உறவுக்கூட்டமும் கீழேயே நின்றுவிடும். ஆனால் முகூர்த்தத்தில் கூரைப்புடவையை வாங்கிக்கொண்டு எழுந்து போகும் பெண், கால் மணி நேரத்துக்குள் கட்டிக்கொண்டு மணையில் வந்து உட்கார வேண்டும். கழுத்தில் மாலையும் உடம்பு நிறைய நகையுமாகப் படி ஏறி இறங்க முடியுமா? ஐயர் அவசரப்படுத்துவார், மாமியார் கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த மாற்றத்துக்கு மேடைக்கு அருகிலுள்ள மணமகள் அறைதான் வேண்டும். கடிதம் இரண்டையும் பிரித்துக் கேட்கவே இல்லை.

இவையெல்லாம் திருத்திவிடக்கூடியவை. அடிப்படைக் கோளாறு வேறிடத்தில். "இம்மண்டபத்தில் நடக்கும் திருமணங்களுக்கு எங்கள் சேவையே பயன்படுத்தப்பட வேண்டும்" என்று ஒரு வரி. முன்பதிவு செய்த நாளில் அந்த அறை உள்பட மண்டபம் முழுவதையும் பெண் வீட்டார் ஏற்கெனவே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். தங்கள் பியூட்டிஷியனைக் கூடவே அழைத்து வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் அந்த அறைக்குள் வராதீர்கள் என்று சொல்லும் உரிமை மேலாளருக்கே கிடையாது. இல்லாததை அவர் எப்படித் தருவார்?

"மாத வாடகை" என்ற சொல்லும் விவரமான உரிமையாளரை உஷாராக்கும். அறையைப் பூட்டிச் சாவியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் ஒருவர் வாடகையும் கட்டினால், நாளைக்குக் குத்தகைதாரர் என்று வாதாட இடம் கிடைக்கும். பயன்படுத்த மட்டும் தரும் அனுமதி, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் சொல்லும் உரிமம், வேறு வகை. பொதுவாக அதைத் திரும்பப் பெறலாம். சாவி மண்டபத்திடமே இருக்கும், விசேஷ நாட்களில் மட்டும் பயன்படுத்துகிறோம் என்று எழுதினால் பாதிப் பயம் தீரும். நகை காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற வில்லங்கத்துக்கும் அந்தச் சாவி ஓரளவு பதில் சொல்லும்.

இப்போதுள்ள வடிவில் இந்த மனு தேறாது. ஆனால் அதற்குள் தேறக்கூடிய ஒரு மனு இருக்கிறது. கண்ணாடி, விளக்கு, மின்லைன் போடும் செலவு எழுதியவருடையது. அறையை எந்தப் பியூட்டிஷியனும் பயன்படுத்தலாம். இவருக்குக் கிடைப்பது, முன்பதிவின்போது மேலாளர் இவர் பெயரையும் எண்ணையும் வீட்டாரிடம் கொடுப்பது மட்டும். அதுவே இவருக்குப் போதுமான லாபம். மேலாளர் இடத்தில் இருந்தால் ஏகபோக வரியை அடித்துவிட்டு, எலக்ட்ரீசியன் மதிப்பீட்டை இணைத்து, உரிமையாளர் பெயருக்கு எழுதி வாருங்கள் என்று திருப்பிக் கொடுப்பேன். கையெழுத்து உரிமையாளருடையதாக இருந்தால்தான் செல்லும்.